எடை குறைப்போருக்கும் ஓய்வு வாரம் உண்டு

"டாக்டர், முன்பைவிட அதிகமாகப் பயிற்சி செய்கிறேன், எடை மட்டும் அசையவில்லை." உணவுக் கட்டுப்பாட்டில் இருப்போர் ஏழெட்டு வாரங்களில் எங்களிடம் கூறும் குறை இது.

கல்லீரல் கொழுப்புக்காக எடை குறைத்துவந்த 42 வயதுடைய ஒருவர், நாள்தோறும் 500 கலோரி குறைத்து, வாரத்தில் நான்கு நாள் எடைப் பயிற்சி செய்தார். ஏழு வாரங்களில் 4 கிலோ குறைந்தது. எட்டாம் வாரம் எடை நின்றதும், இரவு உணவை நிறுத்தி, அதிகாலை ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். பத்தே நாட்களில் படியேறக் கால் கனத்தது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. வீட்டில் சிடுசிடுப்பு கூடியது. காலையில் படுக்கையிலேயே எண்ணும் நாடித்துடிப்பு 64-இலிருந்து 73-ஆக உயர்ந்தது.

இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைச் சோதித்தோம், குறையில்லை. பயிற்சியில் களைத்த தசையைச் சீர்செய்ய உணவும் உறக்கமும் வேண்டும். இரண்டும் குறைந்தபோது களைப்பு தேங்கிவிட்டது. உடலில் தங்கிய நீர், கொழுப்பு குறைந்ததையும் தராசில் மறைத்தது.

எனவே ஒரு வாரம் சுமையைக் குறைக்கச் சொன்னோம். ஒவ்வொரு பயிற்சியிலும் நான்கு சுற்றுக்குப் பதில் இரண்டு. 40 கிலோ தூக்கிய இடத்தில் 32 கிலோ. ஓட்டத்திற்குப் பதில் அரைமணி நேர நடை. எடை கூடாமலும் குறையாமலும் இருக்கும் அளவுக்கு உணவு. இரவு உணவும் மீண்டது. பத்து மணிக்கே படுக்கை. வார இறுதியில் நாடி 65-க்கு இறங்கியது. தராசு 800 கிராம் குறைத்துக் காட்டியது. அந்த ஒரு வாரத்தில் கரைந்த கொழுப்பன்று அது. நீர் வெளியேறியதால் முந்தைய குறைவு புலப்பட்டது.

உறக்கத்தின் பங்கு பெரிது. 2010-இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், உணவைக் குறைத்த பத்துப் பேர் 14 நாட்கள் எட்டரை மணி நேரமும், மற்றொரு 14 நாட்கள் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருந்தனர். இரு முறையும் ஏறத்தாழ 3 கிலோ குறைந்தது. ஆனால் கொழுப்பில் குறைந்தது முதல்முறை 1.4 கிலோ, உறக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே. எஞ்சிய இழப்பு, தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதியினது.

ஆகவே நாடித்துடிப்பையும் உறங்கிய நேரத்தையும் நாள்தோறும் குறித்துவாருங்கள். மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து நாடி ஏழெட்டுத் துடிப்பு உயர்ந்து, உறக்கமும் கெட்டு, வழக்கமான எடையே கனத்தால், ஓய்வு வாரத்தைத் தொடங்கலாம். அறிகுறி இல்லாவிடினும், ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை அது நல்லது. சிடுசிடுப்பை முதலில் காண்பவர் வீட்டாரே. அவர்கள் சொன்னால் கேளுங்கள்.

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவற்றை ஓய்வால் தீர்க்க முயல வேண்டாம், மருத்துவரிடம் வாருங்கள். முதல் இரண்டும் மூச்சுத்திணறலும் நேர்ந்தால் உடனே வர வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் உணவையும் பயிற்சியையும் மாற்றுமுன் எங்களிடம் கேளுங்கள். மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.