கணக்கும் வசவும் ஒரே கமென்ட்டில் வந்தால்

பொங்கல் விளையாட்டு விழா முடிந்து, பரிசளிப்புப் படங்களை ஊர் இளைஞர் மன்றத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்ட அன்று இரவே இப்படி ஒரு கமென்ட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம்: "வீட்டுக்கு வீடு வசூல் பண்ணுன காசெல்லாம் எங்கடா போச்சு, திருட்டுப் பசங்களா?" மன்றத்துப் பையன்கள் நாலு பேர் உடனே "நீ எவ்வளவுடா கொடுத்த?" என்று பாய்வார்கள். பரிசு வாங்கிய பிள்ளைகளின் படத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். ஊரே சண்டையைத்தான் படிக்கும்.

எழுதியவர் வைதிருக்கிறார், வாஸ்தவம்தான். ஆனால் கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார். நன்கொடை கொடுத்த வீட்டுக்காரர் கணக்குக் கேட்பதில் தப்பே இல்லை. பதில் அந்தக் கேள்விக்குத்தான் போக வேண்டும். அதை மன்றத்தின் பெயரில் ஒருவர் மட்டும் எழுத வேண்டும், இப்படி:

"பொங்கல் விழா வசூல் என்ன ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள். வசூல் 48,500 ரூபாய், செலவு 46,200 ரூபாய். மீதி 2,300 ரூபாய் மன்றத்தின் வங்கிக் கணக்கில் இருக்கிறது. ரசீதுகளை ஞாயிறு மாலை 5 மணிக்கு மன்றத்துக்கு வந்து பார்க்கலாம். வசைச்சொல் பக்க விதிக்குப் புறம்பானது. மறுபடி வந்தால் நீக்குவோம்."

கேள்வியை முதல் வரியிலேயே திருப்பிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கமென்ட் போட்டவர் அதைப் பின்னால் திருத்திவிட முடியும். அப்போதும் நாம் எதற்குப் பதில் சொன்னோம் என்பது படிப்பவருக்கு விளங்கும். இந்தப் பதில் வைதவருக்கு என்பதைவிட, வாய் திறக்காமல் படித்துவிட்டுப் போகிற மற்றவர்களுக்குத்தான். அதே ஆள் மறுபடி வைதால் விதிப்படி நீக்கலாம். இரண்டாவது பதில் தேவையில்லை. பாய்ந்த பையன்களின் கமென்ட்டுகளும் அதே விதிப்படி போக வேண்டும். அதைச் செய்யாத மன்றத்தின் விதியை யாரும் மதிக்க மாட்டார்கள்.

வசூல் கமென்ட்டை எடுத்த எடுப்பில் டெலீட் செய்தால், "கணக்கு கேட்டா அழிக்கிறாங்க" என்று அதன் ஸ்கிரீன்ஷாட் ஊர் வாட்ஸப் குழுவில் சுற்றும். தாய்க் கமென்ட்டை அழித்தால் அதன் கீழே நாம் எழுதிய பதிலும் சேர்ந்து போய்விடும்.

பதிலே எழுதக் கூடாத வகையும் இருக்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, கபடி ஆடிய பெண் பிள்ளைகளின் படத்துக்குக் கீழே ஆபாசமாக எழுதுவது, அடிப்பேன் வெட்டுவேன் என்பது இதில் சேரும். இவற்றை 'ஹைட்' செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹைட் செய்த கமென்ட் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தெரிந்துகொண்டேதான் இருக்கும். ஒரே ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் நண்பர்கள், மறைத்தும் பயனில்லை. முதலில் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எழுதியவரின் புரொஃபைல் லிங்க்கையும் சேமித்துக்கொள்ளுங்கள், பெயரை அவர் நாளைக்கே மாற்றலாம். அதன் பிறகு டெலீட், பிளாக். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் cybercrime.gov.in தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுக்க இந்தச் சான்றுகள் வேண்டும். சாதி இழிவுக்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வெறும் எரிச்சல் பேச்சுக்கு "66ஏ-யில் கேஸ் போடுவோம்" என்று மிரட்டாதீர்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது.

விதிகளை எழுதிப் பக்கத்தின் மேலேயே பின் செய்து வையுங்கள். நாலைந்து வரி போதும்: எது நீக்கப்படும், எத்தனை எச்சரிக்கை, பிளாக் எத்தனை நாள், முடிவெடுப்பது யார். பிளாக் செய்ய இரண்டு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வைப்பது நல்லது. சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ள அப்போது வழியிருக்காது.

கெட்ட வார்த்தைகளைத் தானாக மறைக்கும் வடிகட்டியும் ஃபேஸ்புக்கில் உண்டு. நம்மூர் வசவுக்கு அது அவ்வளவாக ஈடுகொடுக்காது. ஒரே வார்த்தையைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஐந்தாறு விதமாக எழுதுவார்கள். ஒவ்வொன்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். 'நாய்' என்று சேர்த்துவிட்டால், வெறிநாய்த் தடுப்பூசி முகாம் பற்றி நாய் வளர்ப்பவர் கேட்கும் கேள்வியும் மறைந்துபோகும். ஆகவே மறைந்தவற்றை வாரம் ஒருமுறையாவது ஆள் பார்க்க வேண்டும்.

30 நாள் பிளாக் என்று விதி வைத்தால் 31-ஆம் நாள் அது தானாக விலகிவிடாது, நீங்கள்தான் எடுத்துவிட வேண்டும். மறந்தால் அந்த ஆளுக்கு மன்றத்தின் ரத்ததான அறிவிப்புகூடக் கண்ணில் படாது. விலக்க வேண்டிய தேதியை மினிட் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.