அண்ணன் தட்ட, தம்பி தட்ட

மாடிப்படிக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், நடுவில் ஒரு விளக்கு. இரண்டு சுவிட்சும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் விளக்கு எரியாதபடி வயர் இழுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் கீழே சுவிட்சைப் போடுகிறான். மேலே நிற்கும் தம்பி ஒரு விநாடி கழித்து அதையே செய்கிறான். அந்த ஒரு விநாடி மட்டும் விளக்கு எரிந்து அணைகிறது. அண்ணன் சுவிட்சை அணைத்தாலும் அதே கதைதான், தம்பி பின்தொடரும்வரை விளக்கு எரியும். ஆக, அண்ணன் ஒருமுறை போட்டு அணைத்தால் விளக்கு இருமுறை மின்னுகிறது.

எக்ஸார் கேட் என்பது இந்த மாடிப்படி விளக்கேதான். உள்ளே வரும் இரண்டு சமிக்ஞைகளும் வேறுபட்டால் ஒன்று தரும், ஒத்திருந்தால் பூஜ்யம் தரும். ஒரு முனையில் கிளாக்கை நேராகவும், மறு முனையில் அதையே கொஞ்சம் தாமதித்தும் கொடுத்தால், கிளாக் ஏறும்போது ஒரு துடிப்பு, இறங்கும்போது ஒரு துடிப்பு. அதிர்வெண் இரட்டிப்பாகிவிடும். 74HC86 என்ற சில்லில் இப்படிப்பட்ட கேட்டுகள் நான்கு இருக்கின்றன. தாமதத்துக்கு ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும், அவற்றின் சரிவான அலையை மறுபடி செங்குத்தாக்க ஒரு ஷ்மிட் பஃபரும் போதும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை. இதன் கவர்ச்சியே அதுதான்.

1 மெகா ஹெர்ட்ஸ் கிளாக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 1000 நானோ விநாடி. அதில் கிளாக் மேலே இருக்கும் பங்குதான் டியூட்டி சைக்கிள். பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே என்றால் 50 சதவீதம். தாமதத்தை 250 நானோ விநாடியாக வைத்தால், 0-விலும் 500-லும் துடிப்புகள் எழும், ஒவ்வொன்றும் 250 நீடிக்கும். அழகான 2 மெகா ஹெர்ட்ஸ்.

ஆனால் பல ஆஸிலேட்டர்களுக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது. கிளாக் 400 மேலே, 600 கீழே என்று 40 சதவீதத்தில் ஓடுகிறது என்று கொள்ளுங்கள். இப்போது துடிப்புகள் எழும் நேரம் 0, 400, 1000, 1400. இடைவெளி 400, 600, 400, 600 என்று நொண்டியடிக்கிறது. உள்ளே வந்த கோணல், இடைவெளிக் கோணலாக வெளியே போகிறது.

வேடிக்கை என்னவென்றால், மேசையில் இருக்கும் கருவிகள் இதைக் காட்டிக்கொடுக்காது. அதிர்வெண் எண்ணும் கவுன்ட்டர் துடிப்புகளை மட்டும் எண்ணுகிறது. அதனால் துல்லியமாக 2 மெகா ஹெர்ட்ஸ் என்று சொல்லும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து வெளியீட்டைத் தொட்டால், 5 வோல்ட் சப்ளைக்கு 2.5 வோல்ட் காட்டும். சுற்றுக்கு 250 வீதம் இரண்டு துடிப்பு, மொத்தம் பாதி நேரம். கணக்கு சரி, அலை கோணல். மீட்டரை உள்ளே வரும் கிளாக்கில் வைத்தால்தான் 2.0 வோல்ட் காட்டி உண்மையைச் சொல்லும். ஸ்கோப் இருந்தால் இன்னும் தெளிவு: அடுத்த ஏற்றம் ஒரே இடத்தில் நிற்காமல், 400-லும் 600-லும் இரண்டு நிழல்களாகத் தெரியும்.

இதனால் என்ன கெட்டுவிடும்? எல்.ஈ.டி. மினுக்க ஒன்றும் கெடாது. ஆனால் இந்தக் கிளாக்கில் ஓடும் கணக்குச் சுற்று ஒரு வேலையை 500 நானோ விநாடிக்குள் முடிக்கும் என்று நம்பியிருந்தால், ஒன்று விட்டு ஒன்றுக்கு அதற்குக் கிடைப்பது 400-தான். பெயருக்கு 2 மெகா ஹெர்ட்ஸ், உழைப்புக்கு 2.5.

இன்னும் மோசமான இடம் ஒன்று உண்டு. டியூட்டி சைக்கிள் 25 சதவீதம் என்றால், கிளாக் 250-ல் இறங்கும் அதே கணத்தில் தாமதப் பிரதி ஏறுகிறது. அண்ணன் அணைக்கும் நொடியில் தம்பி போடுகிறான். விளக்கு அணையவே வாய்ப்பில்லை. முதல் துடிப்பும் இரண்டாவதும் ஒட்டி, 0-விலிருந்து 500 வரை ஒரே நீளத் துடிப்பாகிவிடும். வெளியே வருவது பழைய 1 மெகா ஹெர்ட்ஸ்! நிஜச் சில்லில், ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு மெல்லிய கீறல் விழலாம். கவுன்ட்டர் அதைச் சில நேரம் எண்ணும், சில நேரம் விடும். வெப்பத்தில் தாமதம் சற்று நகர்ந்தாலே எண் தாவும். காலையில் ஓடிய சுற்று மத்தியானம் ஏன் தடுமாறுகிறது என்று தேடுபவர்கள் இந்தக் கீறலை முதலில் சந்தேகிக்கலாம்.

கிளாக்கை ஃபிளிப்-ஃபிளாப்பில் இரண்டால் வகுத்தால் கச்சிதமான 50 சதவீதம் கிடைக்கும், ஏனெனில் அது ஏற்றங்களை மட்டுமே பார்க்கிறது. ஆனால் வகுத்ததை மறுபடி இரட்டித்தால் புறப்பட்ட 1 மெகா ஹெர்ட்ஸிலேயே வந்து நிற்போம். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை. சீரான 2 வேண்டுமானால், 4 மெகா ஹெர்ட்ஸ் கிறிஸ்டலை வாங்கி அதை வகுத்துக்கொள்வதே சுருக்கமான வழி.