“ஏதோ சிவப்பா வருதுப்பா…”: திரையைப் படமெடுத்து அனுப்புவது எப்படி?

சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கும் என் சித்தி, பேத்தியின் படிப்புக்காக வருமானச் சான்றிதழுக்குத் தன் செல்போனிலேயே விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். பாதியில் எனக்குப் போன். “எல்லாம் ஏத்திட்டேன், கடைசியில ஏதோ சிவப்பா இங்கிலீஷ்ல வருதுப்பா. திரும்பத் திரும்ப அதுவே வருது.” என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றார். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அதற்குள் பக்கமே மறைந்துவிட்டது.

மறுபடி உள்ளே போனதும் சித்தப்பாவின் போனை வாங்கி, தன் போன் திரையை அதில் போட்டோ எடுத்து அனுப்பினார். டியூப் லைட் வெளிச்சமும் சித்தியின் கைநிழலும்தான் அதில் தெளிவாக விழுந்திருந்தன. எழுத்து எல்லாம் அலை அலையாக இருந்தது.

திரையில் தெரிவதை அந்தப் போனே படமாகச் சேமித்துக்கொள்வதற்குப் பெயர்தான் ஸ்கிரீன்ஷாட். கேமரா தேவையில்லை, இன்டர்நெட்டும் தேவையில்லை. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனிலும் இந்த வசதி உண்டு. அன்று சித்திக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்ததை அதே வரிசையில் இங்கே சொல்கிறேன்.

முதலில் திரையைச் சரிசெய்ய வேண்டும். திரையில் இப்போது என்ன தெரிகிறதோ அது மட்டும்தான் படத்தில் விழும். கீழே தள்ளிப் பார்த்தால் வரும் பகுதி விழாது. எனவே, அந்தச் சிவப்பு வரியும் அது எந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்பதும் சேர்ந்து தெரியும்படி பக்கத்தை நகர்த்தி நிறுத்துங்கள். வெறும் சிவப்பு வரியை மட்டும் அனுப்பினால், எந்த ஆவணத்தைப் பற்றிச் சொல்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

எழுத்துப் பலகை பாதித் திரையை மறைத்துக்கொண்டிருந்தால் அதையும் மூட வேண்டும். பின்செல்லும் பட்டனை ஒரே ஒரு தடவை தொட்டால் எழுத்துப் பலகை மட்டும் மூடும். இரண்டாவது தடவை தொட்டால் விண்ணப்பப் பக்கத்தை விட்டே வெளியே வந்துவிடுவீர்கள். சித்திக்கு முதல் தடவை பக்கம் மறைந்தது இப்படித்தான்.

இப்போது பட்டன். பெரும்பாலான போன்களில் வலது விளிம்பில் நீளமாக ஒரு பட்டன் இருக்கும். அது சத்தம் கூட்ட, குறைக்க. அதன் கீழ்ப்பாதிதான் சத்தம் குறைப்பது. அதற்குக் கொஞ்சம் கீழே திரையை அணைக்கும் பவர் பட்டன். சில போன்களில் இந்த இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக இருக்கும், பரவாயில்லை. சத்தம் குறைக்கும் பகுதியையும் பவர் பட்டனையும் ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்தி, ஒரு நொடி பிடித்துவிட்டு விட வேண்டும். போனை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையின் இரண்டு விரலால் அழுத்துவது எளிது. ஒரே கையில் பிடித்துக்கொண்டு முயன்றால் முதல் தடவை அநேகமாக வராது.

படம் விழுந்தால் திரை ஒரு கணம் மின்னும். சில போன்களில் கேமரா சத்தம் கேட்கும். திரையின் மூலையில் அதே பக்கம் சின்னதாகச் சுருங்கி நிற்கும். இது எதுவும் நடக்கவில்லை என்றால் படம் எடுபடவில்லை என்று அர்த்தம்.

ஏன் எடுபடவில்லை என்பதைப் போன் காட்டுவதிலிருந்தே கண்டுபிடிக்கலாம். திரை அணைந்துவிட்டதா? பவர் பட்டனை முதலில் அழுத்திவிட்டீர்கள். சத்தத்தின் கோடு ஏறி இறங்குகிறதா? அந்தப் பட்டன் முந்திக்கொண்டது. போனை அணைக்கவா என்று கேட்கும் பட்டியல் வந்தால், பவர் பட்டனை மட்டும் நெடுநேரம் பிடித்திருக்கிறீர்கள், அல்லது சத்தம் கூட்டும் பகுதியோடு சேர்த்து அழுத்தியிருக்கிறீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, வேறு எதையும் தொடாமல் பின்செல்லும் பட்டனைத் தொட்டால் பட்டியல் போய்விடும். சித்திக்கு மூன்று தடவை திரைதான் அணைந்தது. காரணம் விரல் இல்லை, போனுக்குப் போட்டிருந்த தடித்த ரப்பர் உறை. அதைக் கழற்றியதும் அடுத்த தடவையே படம் விழுந்தது.

பட்டனே பழுதாகிவிட்ட பழைய போன் என்றால் வேறு வழி இருக்கிறது. பல போன்களில் மூன்று விரலைத் திரையில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தால் படம் விழும். Settings உள்ளே மேலே இருக்கும் தேடும் இடத்தில் screenshot என்று எழுதிப் பார்த்தால், உங்கள் போனில் இந்த வசதி இருக்கிறதா, அது இயக்கத்தில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். திரையின் உச்சியிலிருந்து கீழே இழுத்தால் வரும் வைஃபை, டார்ச் சின்னங்களுக்கு நடுவிலும் Screenshot என்று ஒன்று இருக்கலாம். அதைத் தொட்டாலும் போதும்.

சில பக்கங்களில் என்ன செய்தாலும் படம் விழாது. வங்கிச் செயலிகள் பலவும் பாதுகாப்புக்காகவே ஸ்கிரீன்ஷாட்டைத் தடுத்து வைத்திருக்கின்றன. அனுமதி இல்லை என்று ஒரு வரி வந்து மறையும், அல்லது படம் முழுக் கறுப்பாக இருக்கும். போனில் கோளாறு ஒன்றுமில்லை. குரோம் உலாவியில் Incognito என்ற மறைவுப் பக்கத்தைத் திறந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். அதே தளத்தைச் சாதாரணப் பக்கத்தில் திறந்தால் படம் எடுக்கலாம். இடம் போதவில்லை என்று வந்தால் மட்டும் போனில் கிடக்கும் பழைய வீடியோ இரண்டை அழித்துவிட்டு முயலுங்கள்.

படம் விழுந்துவிட்டது. உடனே அனுப்பிவிடாதீர்கள்! சித்தி முதலில் எடுத்த படத்தில் சிவப்பு வரி தெளிவாகத் தெரிந்தது. கூடவே அவருடைய ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் தெரிந்தன. இன்னொன்று, படம் எடுக்கும் அதே நேரத்தில் குறுஞ்செய்தி வந்தால் திரையின் உச்சியில் ஒரு பட்டையாக அது காட்டும். அதில் ஓடிபி இருந்தால் அதுவும் படத்துக்குள் போய்விடும்.

மூலையில் நிற்கும் சின்னப் படத்தைத் தொட்டால், அல்லது Edit என்பதைத் தொட்டால், படம் பெரிதாகத் திறக்கும். அதில் Crop என்பதைத் தேர்ந்தெடுத்து, ஓரங்களை விரலால் உள்ளே தள்ளித் தேவையில்லாத பகுதியை வெட்டலாம். வெட்ட முடியாதபடி எண் நடுவில் இருந்தால் பேனாச் சின்னத்தை எடுத்துக் கறுப்பாகத் தீட்டலாம். ஆனால் ஹைலைட்டர் போன்ற பேனா வேண்டாம். அதன் மை கண்ணாடி போன்றது. மேலுக்கு மறைத்ததுபோல் இருந்தாலும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எண்ணைப் படித்துவிடலாம். வெட்ட முடிந்தால் வெட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. திருத்தியதும் சேமிக்க மறக்காதீர்கள், அனுப்பும்போதும் திருத்திய படத்தையே தேர்ந்தெடுங்கள். சில போன்கள் பழைய படத்தையும் தனியாக வைத்திருக்கும்.

அனுப்புவதற்கு Share என்பதைத் தொட்டு, வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுத்தால் பெயர்ப் பட்டியல் வரும். இங்கே ஒரு சங்கடம். அந்தப் பட்டியலில் பெயர்களோடு My status என்றும் ஒரு வரி இருக்கும். அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டால் ஒருவருக்குப் போக வேண்டியது உங்கள் தொடர்பில் இருக்கும் பலருக்கும் காட்சியாகிவிடும். பெயரை ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள். தவறான ஆளுக்குப் போய்விட்டால் அந்தப் படத்தை அழுத்திப் பிடித்து, குப்பைத்தொட்டிச் சின்னத்தைத் தொட்டு, Delete for everyone கொடுக்கலாம். அதற்குள் அவர் பார்த்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

மூலையில் வந்த சின்னப் படம் சில நொடிகளில் மறைந்துவிடும். படம் எங்கேயும் போகவில்லை. கேலரியிலோ கூகுள் போட்டோஸிலோ Screenshots என்று தனியாக ஒரு தொகுப்பு இருக்கும், அங்கே இருக்கிறது. கடைசியாக எடுத்ததுதான் பெரும்பாலும் முதலில் நிற்கும்.

யாருக்கு அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். சித்தி எனக்கு அனுப்பினார், அது சரி. “அதிகாரி பேசுறேன், உங்க போன்ல வந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க” என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் அது ஓடிபியைப் பறிக்கும் வேலை. எண்ணை வாயால் சொல்வதும் படமாக அனுப்புவதும் ஒன்றுதான். அப்படி ஏமாந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

சித்தி அனுப்பிய படத்துக்கு வருவோம். குடும்ப அட்டையை ஏற்றும் கட்டத்துக்குக் கீழே அந்தச் சிவப்பு வரி இருந்தது. கோப்பின் அளவு அனுமதித்ததை விட அதிகம் என்பதுதான் அதன் பொருள். கேமராவில் எடுத்த போட்டோவை அப்படியே ஏற்றியிருக்கிறார். அரைமணி நேரமாகப் பேசிப் புரியாதது, படத்தைப் பார்த்த ஐந்து நொடியில் புரிந்தது. அந்தக் குடும்ப அட்டைப் போட்டோவை எனக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பச் சொல்லி, திருப்பி அனுப்பினேன். வாட்ஸ்அப் அப்படி அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடும், அதனால் அளவு குறைந்துவிட்டது. எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு அதையே ஏற்றினார், ஏற்றுக்கொண்டது.

கட்டணம் செலுத்தியதும் விண்ணப்ப எண் திரையில் வந்தது. “இதையும் எடுத்து வச்சுக்கவா?” என்றார். கட்டாயம் எடுங்கள் என்றேன். நிலையைப் பார்க்கவும் பின்னால் விசாரிக்கவும் அந்த எண்தான் வேண்டும். ஆனால் சான்றிதழ் வந்த பிறகு அதைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கல்லூரிக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்றும் சொன்னேன். அதற்குத் தளத்தில் இருந்து பிடிஎஃப் கோப்பையே பதிவிறக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் பாதிப் பக்கம்தான் விழும், எழுத்தும் அச்செடுத்தால் மங்கும்.

இரண்டு நிமிடத்தில் விண்ணப்ப எண்ணின் படம் வந்தது. கைபேசி எண் இருந்த ஓரத்தை வெட்டியிருந்தார். கூடவே ஒரு குரல் பதிவு: “உறையை இனிமே போடவே போறதில்லப்பா.”