அணைந்த கம்பியும் இரண்டு வாளித் தண்ணீரும்

தீபாவளி இரவு, ஏழரை மணி இருக்கும். அக்கா மகனுக்கு ஆறு வயது. மத்தாப்பு கொளுத்தி முடித்துவிட்டு வாசலில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தவன், திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அலறினான். சற்று முன் அவனே கீழே போட்ட கம்பியை மிதித்துவிட்டான். உள்ளங்காலில் விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு. அக்கா பதறிப்போய் பற்பசையோடு ஓடி வந்தாள். "அதெல்லாம் வேண்டாம்க்கா, குழாயடிக்குத் தூக்கிட்டு வா" என்றேன்.

கம்பி மத்தாப்பைக் குழந்தைகளுக்கான பட்டாசு என்றே நினைத்துக் கையில் கொடுக்கிறோம். ஆனால் எரியும்போது அதன் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தொடும். கொதிக்கிற தண்ணீரே நூறு டிகிரிதான். பொறி நின்றதும் வெளிச்சம் போய்விடும், சூடு போகாது. கறுத்த கம்பி இருட்டில் தரையோடு தரையாகக் கிடக்கும். அதனால்தான் கையைவிடக் கால்தான் அதிகம் சுடுபடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு இரண்டு வாளித் தண்ணீர் போதும். ஒன்று எரிந்த கம்பிகளைப் போட. குழந்தை நிற்கும் இடத்திலிருந்து எட்டிப் போடும் தூரத்தில் அது இருக்க வேண்டும். கம்பி அணைந்த நொடியில் அதற்குள் போக வேண்டும். இன்னொன்று நெருப்பு எங்காவது பற்றிக்கொண்டால் ஊற்ற. காயத்தைக் கழுவ இந்த இரண்டையும் தொடக் கூடாது. முதல் வாளியில் பட்டாசு மருந்து கரைந்திருக்கும். காயத்துக்குக் குழாய்த் தண்ணீர்தான்.

குழாயடியில் முதலில் அவன் கொலுசைக் கழற்றினோம். வீக்கம் வந்தபின் கழற்ற முடியாது. கை சுட்டால் மோதிரம், வளையல், கயிறு எல்லாமே இப்படித்தான். பிறகு மெல்லிய ஓட்டத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் பிடித்தோம். இரண்டு நிமிடத்தில் அழுகை நின்றது. "போதும்" என்றாள் அக்கா. நான் விடவில்லை. எரிச்சல் குறைந்தாலும் தோலின் உள்ளடுக்கில் சூடு மிச்சம் இருக்கும், அது சதையைத் தொடர்ந்து வேகவைக்கும். சின்னப் பையன் குளிரில் நடுங்காதிருக்க உடம்பைத் துண்டால் போர்த்தினோம். ஐஸ் வைத்தால் ரத்த ஓட்டம் சுருங்கிக் காயம் ஆழமாகும். பற்பசை, மஞ்சள், மை, வெண்ணெய் இவையெல்லாம் மருத்துவர் காயத்தைப் பார்க்க விடாமல் மறைப்பதோடு கிருமியையும் சேர்க்கும்.

சிறு கொப்புளம் எழும்பியது. அதை உடைக்காமல் சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் கொண்டுபோனோம். அடிபட்டவரின் உள்ளங்கையைவிடக் காயம் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டு என்று இருந்தாலோ, வெளுத்தோ கருகியோ வலியே இல்லாமல் இருந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது. வலி இல்லாத தீக்காயம்தான் ஆழமானது. கண்ணில் வெடி பட்டால் கசக்காமல், அழுத்தாமல், நேராகக் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பண்டிகைக்கு எடுத்த புதுத் துணியைக் காலையில் சாமி கும்பிடும்போது போட்டுக்கொள்ளலாம். பட்டாசு கொளுத்தும்போது உடம்போடு ஒட்டிய பருத்தி ஆடையும் செருப்பும் வேண்டும், மூடிய காலணி இன்னும் நல்லது. பாலியஸ்டர் வலை வைத்த பாவாடை எரிவதோடு உருகித் தோலில் ஒட்டிவிடும். ஒட்டியதைப் பிய்த்து எடுக்கக் கூடாது. துணியில் தீப்பிடித்தால் ஓட விடாமல் தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள்.

புஸ்வாணத்துக்கு நீளமான ஊதுபத்தி. கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று திரியைத் தொட்டதும் பின்வாங்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் குறைந்தது பதினைந்து அடி தள்ளி நிற்கட்டும். உள்ளே மருந்து இறுகி வாய் அடைத்துக்கொண்டால் புஸ்வாணமே வெடியாகிவிடும். மேலே குனிந்து எட்டிப் பார்ப்பவர் முகத்தில்தான் அது படும்.

பற்ற வைத்தும் சீறாத பட்டாசை உடனே நெருங்க வேண்டாம். திரி உள்ளே புகைந்துகொண்டிருக்கலாம். இருபது நிமிடம் விட்டுவிட்டு, எட்ட நின்றே தண்ணீரை ஊற்றுங்கள்.

மறுநாள் காலையில் தெருப் பிள்ளைகள் குப்பையைக் கிளறி வெடிக்காததைப் பொறுக்குவார்கள். பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டி, தீக்குச்சி கிழிப்பார்கள். கொட்டிய மருந்துக்குத் திரி கிடையாது, பின்வாங்க ஒரு நொடியும் கிடையாது. குப்பென்று எரிந்து கையையும் முகத்தையும் பிடித்துவிடும். அதனால் இரவு படுக்கப் போகுமுன் வாசலைக் கூட்டி, வெடிக்காதவற்றையெல்லாம் கம்பி வாளியிலேயே போட்டு விடியும்வரை ஊறவிடுகிறோம். காலையில் அவை கூழாகியிருக்கும்.