1024 க்யூஏஎம் ரூட்டர்: உள் அறையில் வேகம் குறைந்தால் யாரிடம் முறையிடுவது?

அட்டைப்பெட்டியில் ‘1024 க்யூஏஎம்’ என்று அச்சிட்ட வைஃபை 6 ரூட்டர், கூடத்தில் வைத்த லேப்டாப்புக்கு நொடிக்கு 1201 மெகாபிட் இணைப்பு தருகிறது. இரண்டு சுவர் தாண்டிய அறையில் அது 432 ஆகிவிடுகிறது. ரூட்டர் பழுது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

ரூட்டர் ஒரே அதிர்வெண்ணில் இரண்டு அலைகளை, ஒன்றுக்கொன்று கால் சுற்று தள்ளி, சேர்த்து அனுப்புகிறது. ஒவ்வொரு அலைக்கும் 32 அளவுகள் உண்டு. இரண்டையும் கட்டம் போட்டால் 32×32, அதாவது 1024 புள்ளிகள். ஒரு துடிப்பில் அவற்றில் ஒரு புள்ளி போகும். 1024 என்பது 2-இன் 10-ஆம் அடுக்கு என்பதால், ஒரு துடிப்பிலேயே 10 பிட் போய்விடும். முந்தைய 256 க்யூஏஎம்மில் போனது 8 பிட்தான்.

ஆனால் அனுப்பும் சக்திக்கு உச்சவரம்பு உண்டு. அதே கட்டத்துக்குள் நான்கு மடங்கு புள்ளிகளை அடைத்தால், அவற்றின் இடைவெளி பாதியாகிவிடும். கருவியின் வெப்ப இரைச்சலும் பக்கத்து வீட்டு வைஃபையும் வந்து சேரும் புள்ளியைச் சற்றே நகர்த்துகின்றன. இடைவெளியில் பாதிக்கு மேல் நகர்ந்தால் லேப்டாப் பக்கத்துப் புள்ளியைப் படித்துவிடும். பழைய அளவுக்குப் பிழையைத் தவிர்க்க, நான்கு மடங்கு வலுவான சிக்னல் வேண்டும். கிடைப்பதோ 25 சதவீதக் கூடுதல் வேகம். சுவர்கள் சிக்னலைத் தின்றுவிட்டால் ரூட்டர் தானாகவே 256, 64, 16 புள்ளிகள் என்று இறங்கிக்கொள்ளும். 1201 முறையே 961, 721, 432 ஆவது அதனால்தான். வைஃபை 7-இன் 4096 க்யூஏஎம்முக்கு இன்னும் நான்கு மடங்கு வலு வேண்டும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்துப் புது ரூட்டர் வாங்குவதால் உள் அறையின் குறை தீராது.

விண்டோஸ் லேப்டாப்பில் இதை நீங்களே சோதிக்கலாம்:

```
netsh wlan show interfaces
```

கூடத்திலும் அறையிலும் `Receive rate` எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடத்தில் உயர்ந்து அறையில் தாழ்ந்தால் காரணம் தூரமும் சுவரும்தான். ரூட்டரை வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். அல்லது அறைக்கு லேன் கேபிள் இழுங்கள். கூடத்திலேயே தாழ்ந்திருந்தால், லேப்டாப் 1024 க்யூஏஎம்மை ஏற்கிறதா, ரூட்டரின் சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

லேன் கேபிளில் நேரடியாக இணைத்தும் இணையத் திட்டத்தின் வேகம் வரவில்லையா? அப்போது இணைய நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண் வாங்குங்கள். தீர்வு திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். பெட்டியில் சொன்ன வசதி ரூட்டரில் இல்லவே இல்லை என்றால், அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உள் அறையில் எண் குறைந்தது மட்டும் இந்தப் புகாருக்குப் போதாது. கூடத்தில் எடுத்த அளவும் கையில் இருக்கட்டும்.