52 ரூபாய் முறுக்கு, சிங்கப்பூர் ஷெல்ஃபுக்குப் போய்ச் சேரும்போது என்ன விலை?

போன மாசம் ஒரு சப்ஸ்கிரைபர் எக்செல் ஷீட் ஒண்ணு அனுப்பியிருந்தார். அவருக்கு ஊர் திருவொற்றியூர், வேலை ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனியில. சிங்கப்பூர்ல இருக்கிற பெரியப்பா பையன் தேக்கா பக்கத்துல ஒரு சின்ன மளிகைக்கடை நடத்துறார். இதுவரைக்கும் அங்கே உள்ள மொத்த வியாபாரிகிட்ட சரக்கு வாங்கி வித்துக்கிட்டு இருந்தவர், இனிமே சென்னையில இருந்து நேரடியா கண்டெய்னர் எடுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கார். "தம்பி, ஒரு 5 லட்சம் போடு, லாபத்துல பங்கு தர்றேன்"னு கேட்டிருக்கார்.

ஷீட்டைப் பார்த்தா யாருக்கும் ஆசை வரும். 200 கிராம் முறுக்கு பாக்கெட் இங்கே ரூ.52. ஒரு வெள்ளி 65 ரூபாய்னு வச்சா 80 காசு. (சிங்கப்பூர்ல நம்ம ஆளுங்க டாலரை வெள்ளின்னும் சென்ட்டைக் காசுன்னும் சொல்வாங்க. நானும் அப்படியே எழுதுறேன்.) கப்பல் செலவு 4 காசு. ஆக அடக்கம் 84 காசு, விற்பனை விலை 1.60 வெள்ளி. கிட்டத்தட்ட டபுள்!

இதுல 84 காசுங்கிற எண் தப்பு. விற்பனை விலை போடுறதுக்கு முன்னாடி, பொருள் ஷெல்ஃப்ல போய் உட்காரும் வரைக்கும் ஆகிற மொத்த அடக்க விலையைத்தான் லேண்டட் காஸ்ட்னு சொல்றோம். அதை இந்த ஒரு முறுக்கு பாக்கெட்டை வச்சே போட்டுப் பார்க்கலாம். வாடகையும் ஃப்ரைட்டும் மாசத்துக்கு மாசம் மாறும். அதனால கீழே வர்ற தொகைகளை உதாரணமா எடுத்துக்கோங்க, கணக்குப் போடுற முறையைக் கவனிங்க.

முதல்ல அந்த 4 காசு எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம்.

அண்ணன் போட்டிருந்த திட்டம் ஒரு 20 அடி கண்டெய்னர். உள்ளே வசதியா அடுக்கினா சுமார் 28 கன மீட்டர் சரக்கு போகும். அதுல பாதி பொன்னி புழுங்கல் அரிசி, 4 கன மீட்டர் முறுக்கு, மீதி மசாலா, அப்பளம், புளி. மொத்த எடை 14 டன். மணலி பக்கம் சிஎஃப்எஸ்ல சரக்கு ஏத்துறது, கஸ்டம்ஸ் ஏஜென்ட், துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து இங்கே ரூ.65,000, அதாவது 1,000 வெள்ளி. கப்பல் ஃப்ரைட் 600. இன்ஷூரன்ஸ் 100. சிங்கப்பூர்ல இறக்கி, பெர்மிட் எடுத்து, லாரியில கடைக்குக் கொண்டுவர 1,100. ஆக மொத்தம் 2,800 வெள்ளி.

இதை அண்ணன் 14,000 கிலோவால வகுத்திருக்கார். கிலோவுக்கு 20 காசு, 200 கிராம் பாக்கெட்டுக்கு 4 காசு. பார்க்க நியாயமாத்தான் தெரியுது. ஆனா இந்தக் கண்டெய்னர் எடை தாங்காம நிக்கல, இடம் இல்லாமத்தான் நிரம்புது. முறுக்கு நொறுங்காம இருக்க பாக்கெட்டுக்குள்ள காத்தடிச்சு வச்சிருப்பாங்க. 40 பாக்கெட் பிடிக்கிற ஒரு அட்டைப்பெட்டி வெறும் 8 கிலோ, ஆனா அடைக்கிற இடம் 0.08 கன மீட்டர். ஒரு கன மீட்டர்ல அரிசி மூட்டை 700 கிலோ போகும், முறுக்கு 100 கிலோதான் போகும். காத்துக்கும் சேர்த்துத்தான் கப்பல் கூலி கொடுக்கிறோம்.

அதனால 2,800-ஐ 28 கன மீட்டரால வகுக்கணும். கன மீட்டருக்கு 100 வெள்ளி. அதுல 500 பாக்கெட் போகுதுன்னா பாக்கெட்டுக்கு 20 காசு. ஷீட்ல இருந்ததைப் போல அஞ்சு மடங்கு! அதே நேரத்துல 5 கிலோ அரிசிப் பைக்கு அண்ணன் 1 வெள்ளி போட்டிருந்தார், உண்மையில 71 காசுதான். முறுக்கு தின்ன செலவை அரிசி தலையில கட்டியாச்சு. "அரிசில ஒண்ணும் நிக்கல, முறுக்குதான் லாபம்"னு அவர் நினைச்சதுக்குக் காரணம் இந்த ஒரு வகுத்தல்தான்.

இப்போ முறுக்கு 80 + 20, அதாவது 1 வெள்ளி.

அடுத்தது வரி. ஷீட்ல சுங்க வரி பூஜ்யம். அது சரிதான். சிங்கப்பூர்ல மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியம் மாதிரி சில பொருளுக்குத்தான் சுங்க வரி. ஆனா இறக்குமதி ஜிஎஸ்டி உண்டு. 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதம். நம்ம ஊர் மாதிரி பொருளுக்குப் பொருள் வேற வேற ரேட்னு அங்கே கிடையாது. மளிகைக்கும் அதே 9 தான். பொருள் விலை, இன்ஷூரன்ஸ், சிங்கப்பூர் வரைக்குமான கூலி மூணும் சேர்ந்த மதிப்புக்கு இது விழும். நம்ம பாக்கெட்டுக்கு அந்த மதிப்பு சுமார் 92 காசு, வரி 8 காசு.

"ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கலாமே?"ன்னு கேப்பீங்க. ரெஜிஸ்டர் பண்ண கடைதான் எடுக்க முடியும். வருஷ விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினாத்தான் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயம். அண்ணன் கடை அதுக்குக் கீழே, ரெஜிஸ்டர் பண்ணல. அதனால அந்த 8 காசு செலவுதான். அடக்கம் 1.08.

வரின்னதும் போய்ச் சேர்ற நாட்டை மட்டும் பார்த்தா போதாது, நம்ம பக்கமும் பார்க்கணும். 2023 ஆகஸ்ட் 25-ல மத்திய அரசு புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி போட்டுச்சு. 2024 செப்டம்பர்ல அது 10 ஆச்சு, அக்டோபர்ல எடுத்துட்டாங்க. இந்தக் கண்டெய்னர்ல இருக்கிற 9,800 கிலோ அரிசி, கிலோ 55 ரூபாய்னு வச்சா ரூ.5.39 லட்சம். அதுக்கு 20 சதவீதம்னா ரூ.1.08 லட்சம். மொத்தப் போக்குவரத்துச் செலவுல பாதிக்கு மேல! அரிசி, வெங்காயம் வாங்குறவங்க சப்ளையர்கிட்ட "ஏற்றுமதி வரி வந்தா யார் தலையில?"ன்னு எழுத்துல வாங்கிக்கிறது நல்லது.

இனிமேல்தான் ஷீட்ல இல்லவே இல்லாத வரி. சேதாரம்.

முறுக்குக்கு ஆயுள் 120 நாள்னு வைங்க. அந்த நாள் கணக்கு எண்ணெயில இருந்து எடுத்த அன்னைக்கே ஆரம்பிச்சுடும். பேக்கிங், மத்த சரக்கு வந்து சேர்ற வரைக்கும் கோடவுன்ல காத்திருப்பு, சிஎஃப்எஸ், கப்பல்ல ஒரு வாரம் அளவு, அங்கே கிளியரன்ஸ். எல்லாம் சேர்த்து 40 நாள் போச்சுன்னா விக்கிறதுக்கு மீதி 80 நாள். 4 கன மீட்டர்ல வந்தது 2,000 பாக்கெட். கடையில ஒரு நாளைக்கு 22 போகுதுன்னு அண்ணனே சொன்னார். 80 x 22 = 1,760. மீதி 240-ல நொறுங்கினது, சீல் விட்டது ஒரு 60. பாக்கி 180, தேதி முடிஞ்சு குப்பைக்கு.

2,000 பாக்கெட்டுக்குச் செலவு பண்ணினது 2,160 வெள்ளி. அதை வித்த 1,760 பாக்கெட்தான் திருப்பிக் கொடுக்கணும். 2,160 / 1,760 = 1.23. இங்கே நிறைய பேர் "12 சதவீதம் சேதாரம், அதனால 12 சதவீதம் கூட்டு"ன்னு போடுவாங்க. அப்படிப் போட்டா 1.21 வரும், 2 காசு குறையும். முறுக்குல இது சின்னது. ஃபிளைட்ல போற கீரை, கறிவேப்பிலைல 30 சதவீதம் வீணாச்சுன்னா 30 கூட்டினா பத்தாது, 43 கூட்டணும். எப்பவும் விக்கிற அளவால வகுங்க.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல போனவங்களுக்கு டிரெய்லர் வரிசை தெரியும். ராயபுரம் ஜீரோ கேட் பக்கம் லாரி நகராம நின்னு, கப்பலோட கட்-ஆஃப் தவறிப்போச்சுன்னு வைங்க. அடுத்த கப்பல் ஒரு வாரம் கழிச்சு. காத்திருந்ததுக்குப் போடுற சார்ஜ் பில்லுல தெரியும். தெரியாத செலவு வேற ஒண்ணு இருக்கு. விக்கிறதுக்கு இருந்த 80 நாள் 73 ஆயிடுச்சு. 73 x 22 = 1,606 பாக்கெட். அடக்கம் 1.34. ஒரு வார தாமதம் பாக்கெட்டுக்குச் சுமார் 12 காசைத் தின்னுடுச்சு, மொத்த ஜிஎஸ்டியை விட அதிகம். இதுக்கு எந்த இன்வாய்ஸும் வராது. மூணு மாசம் கழிச்சு கடையில தேதி முடிஞ்ச பெட்டியா வந்து நிக்கும்.

கரன்சிக்கு வருவோம். அண்ணன் ரொம்பக் கவலைப்பட்டது இதுலதான். "ரூபாய் விழுந்தா நமக்கு நல்லது"ன்னு ஷீட்ல ஒரு குறிப்பு வேற. ஆனா சப்ளையர் கொடுத்த கொட்டேஷன் அமெரிக்க டாலர்ல இருக்கு. டாலர் விலையைப் பேசி முடிச்சாச்சுன்னா, ரூபாய் விழுந்த லாபம் இங்கே இருக்கிற சப்ளையருக்குப் போகும், கடைக்கு வராது. அண்ணன் பார்க்க வேண்டியது சிங்கப்பூர் வெள்ளிக்கும் அமெரிக்க டாலருக்கும் நடுவுல உள்ள ரேட். அதுவும் கூகுள்ல காட்டுற ரேட் இல்லை, பணம் அனுப்புற அன்னைக்கு பேங்க் போடுற ரேட்.

பேங்க் வித்தியாசமும் ஏற்ற இறக்கமும் சேர்ந்து 3 சதவீதம் பாதகமாப் போச்சுன்னு வச்சாலும், அது பொருள் விலையான 80 காசு மேலதான் பெருசா விழும். வரியும் சேதாரமும் சேர்த்து பாக்கெட்டுக்கு 3 காசு. ஒரு வார லேட்டுக்கு 12 காசு போகும்போது இதுக்குத் தூக்கம் கெட வேண்டியதில்லை. கப்பல் தவறாம போச்சுன்னே வச்சுக்குவோம், அடக்கம் 1.26.

1.60-க்கு வித்தா 34 காசு நிக்குதேன்னு தோணும். வாடகை, சம்பளம், கரன்ட் எல்லாம் சேர்த்து விற்பனையில 30 சதவீதம் போகுதுன்னு அண்ணன் சொன்னார். 1.60-ல 48 காசு. ஆக பாக்கெட்டுக்கு 14 காசு நஷ்டம். நஷ்டம் இல்லாம இருக்கவே 1.26 / 0.70 = 1.80 வெள்ளி வைக்கணும். பக்கத்துக் கடையில அதே 1.80 தான் விலை, அதுக்கு மேல வச்சா யாரும் வாங்க மாட்டாங்க.

அதனால விலையை விட்டுட்டு அளவைப் பார்த்தோம். 2,000-க்கு பதிலா 800 பாக்கெட் எடுத்தா 37 நாள்ல வித்துடும். தேதி முடிஞ்சு வீணாகாது, நொறுங்குறது 3 சதவீதம் மட்டும். 1.08 / 0.97 = 1.11. கரன்சிக்கு 3 காசு சேர்த்து 1.14. இப்போ 1.80-க்கு வித்தா, கடைச் செலவு 54 காசு போக 12 காசு நிக்கும். கப்பல் ஒரு வாரம் லேட்டானாலும் இந்தக் கணக்கு அசையாது. ஒரு நிபந்தனை இருக்கு. காலியாகிற 2.4 கன மீட்டரை வேற சரக்கால நிரப்பணும். இல்லைன்னா அந்த 240 வெள்ளி மத்த பொருள் மேல ஏறும். அரிசியால நிரப்பினா சுமார் 1,680 கிலோ கூடுதலா போகும். ஆனா ஃப்யூமிகேஷன் ஒழுங்கா பண்ணியிருக்கணும், ஈரம் உறிஞ்சுற பைகளைக் கண்டெய்னர்ல தொங்க விட்டிருக்கணும். இல்லைன்னா உள்ளே வேர்த்து மேல் மூட்டை நனைஞ்சு, பூஞ்சையும் வண்டுமா போய் இறங்கும்.

சப்ஸ்கிரைபர்கிட்ட நான் சொன்னது ஒண்ணுதான். அந்த "ஒரு நாளைக்கு 22"ங்கிற எண்ணுக்கு ஆதாரம் கேளுங்கன்னேன். அண்ணன் பில்லிங் மெஷின்ல இருந்து மூணு மாச விற்பனையை எடுத்து அனுப்பினார். சராசரி 19. 2,000 எடுத்திருந்தா 80 நாள்ல 1,520 தான் போயிருக்கும். 800-ன்னா 19 வீதம் வித்தாலும் ஆறு வாரத்துல முடிஞ்சுடும். முதல் கண்டெய்னருக்கு 800 போதும்னு அண்ணனே ஷீட்டை மாத்திட்டார். மசாலாவுக்கும் அப்பளத்துக்கும் இதே மாதிரி போட்டு முடிச்ச பிறகுதான் 5 லட்சத்தைப் பத்தி பேசுறதுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. வெளிநாட்டுத் தொழிலுக்குப் பணம் அனுப்புற ஃபெமா விதிகள் தனிக் கதை. அதுக்குத் தனி வீடியோ வருது.