பிறந்த பிள்ளையின் தொடையில் போடும் அந்த முதல் ஊசி: விற்றமின் கே ஏன், எவ்வளவு?

பிள்ளை பிறந்து, தாயின் நெஞ்சில் கிடந்து, முதல் பாலும் குடித்த பிறகு தாதி ஒரு சிறிய ஊசியுடன் வருவார். தொடையின் வெளிப்பக்கத் தசையில் அது போடப்படும். பல தாய்மார் அதைத் தடுப்பூசி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது தடுப்பூசி அல்ல. குருதி உறைவதற்குத் தேவையான விற்றமின் கே என்ற சத்தே அதில் இருக்கிறது.

வடக்கில் பிரசவ விடுதிகளிலும் குறைமாதக் குழந்தைகள் பிரிவிலும் நீண்ட காலம் தாதியாக இருந்தவள் நான். இந்த ஊசியைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். "மூத்தவன் இடப்பெயர்வில தறப்பாள் கொட்டிலுக்குள்ள பிறந்தவன், மிஸ். ஒரு ஊசியும் போடேல்லை. நல்லாத்தானே வளர்ந்தவன். இவளுக்கு மட்டும் ஏன்?" போர்க்காலத்தில் பிள்ளை பெற்ற தாய்மார் பலரின் மனதில் இந்தக் கேள்வி இருக்கிறது. இது நியாயமான கேள்வி. இதற்கு நேர்மையான பதிலும் உண்டு.

எங்கள் உடம்பில் காயம் பட்டால் குருதி தானாக உறைய வேண்டும். அதற்குத் தேவையான புரதங்களை ஈரல் உருவாக்குகிறது. அவற்றில் நான்கு முக்கியமான புரதங்கள் விற்றமின் கே இல்லாமல் வேலை செய்யமாட்டா. வளர்ந்தவர்களுக்கு இந்தச் சத்து கீரையிலிருந்து தாராளமாகக் கிடைக்கிறது. குடலில் வாழும் பற்றீரியாக்களும் ஓரளவு உண்டாக்குகின்றன. ஆனால் கருப்பையில் இருக்கும் பிள்ளைக்குத் தொப்புள்கொடி வழியாக இந்தச் சத்து மிகக் குறைவாகவே போகிறது. தாய் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் இந்த நிலை பெரிதாக மாறாது. பிறக்கும்போது குடலில் பற்றீரியாக்களும் இல்லை. எனவே எல்லாப் பிள்ளைகளும் விற்றமின் கே குறைந்த நிலையில்தான் பிறக்கின்றன.

அதற்குப் பிறகு கிடைக்கும் உணவு தாய்ப்பால். அதைவிடச் சிறந்த உணவு பிள்ளைக்கு இல்லை. ஆனால் இந்த ஒரு சத்து மட்டும் அதில் குறைவு. ஒரு லீற்றர் தாய்ப்பாலில் 1 முதல் 4 மைக்ரோகிராம் வரைதான் விற்றமின் கே இருக்கிறது. மா பாலில் அது சேர்க்கப்பட்டிருப்பதால் பல மடங்கு அதிகம். இதை வைத்து யாரும் மா பாலுக்கு மாறத் தேவையில்லை. தாய்ப்பாலை முழுமையாகக் கொடுத்தபடியே இந்த ஒரு குறையை ஊசியால் நிரப்பிவிடலாம்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். ஊசி போடாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் நடப்பதில்லை என்பது உண்மை. ஊசி கொடுக்காத இடங்களில், பிறந்து ஒரு வாரம் கடந்த பின் வரும் குருதிப்பெருக்கு ஒரு இலட்சம் பிள்ளைகளில் 4 முதல் 7 பேருக்கு ஏற்பட்டிருக்கிறது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குருதி கசிவது மூளைக்குள். சிலர் இறக்கிறார்கள், பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் இயக்கத்திலோ அறிவு வளர்ச்சியிலோ குறைபாடு தங்கிவிடுகிறது. அந்தச் சிலர் யார் என்று பிறந்த அன்று கண்டுபிடிக்க எந்தப் பரிசோதனையும் இல்லை. ஈரலிலோ பித்தக்குழாயிலோ மறைந்திருக்கும் நோய் காரணமாகப் பாலிலுள்ள கொழுப்பும் அதனுடன் விற்றமின் கேயும் உடம்பில் சேராத பிள்ளை, பிறந்த அன்று மற்றப் பிள்ளைகளைப் போலவே சிவந்து, அழுது, பால் குடிக்கும். யாரென்று பிரித்தறிய முடியாததால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த ஊசி தரப்படுகிறது.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2013இல் நடந்தது இதைத் தெளிவாகக் காட்டியது. பெப்ரவரிக்கும் செப்ரெம்பருக்கும் இடையில் நான்கு கைக்குழந்தைகள் குருதிப்பெருக்குடன் அங்கே வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். மூன்று பேருக்கு மூளைக்குள்ளும் ஒருவருக்குக் குடலிலும் குருதி கசிந்திருந்தது. நால்வருக்கும் விற்றமின் கே ஊசி போடப்பட்டிருக்கவில்லை. பெற்றோர் சிலர் சொன்ன காரணம், இந்த ஊசியால் குருதிப் புற்றுநோய் வரும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஒரு மூலம் இருந்தது. 1992இல் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆய்வு அப்படியொரு தொடர்பு இருக்கலாம் என்றது. அதன்பின் சுவீடனிலும் டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்ட ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு மட்டும் இணையத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது அளவு. நிறைமாதத்தில், போதிய நிறையுடன் பிறந்த பிள்ளைக்கு 1 மில்லிகிராம் கொடுக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது. 1 மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். அதாவது 250 லீற்றருக்குக் குறையாத தாய்ப்பாலில் இருக்கும் அளவு. கணக்கைக் கேட்டால் இவ்வளவா என்று தோன்றும். ஆனால் அது முழுவதும் ஒரே நாளில் குருதியில் கலப்பதில்லை. கொழுப்பில் கரையும் இந்த மருந்து தொடைத் தசையில் தங்கி, சிறிது சிறிதாகக் கசிந்து, ஆபத்துக் கூடிய முதல் சில மாதங்களுக்குப் பிள்ளையைக் காக்கிறது. முதல் நாளுக்கு மட்டும் என்றால் இதைவிட மிகச் சிறிய அளவே போதும். மாதக்கணக்கில் நீடிக்க வேண்டும் என்பதற்காகவே 1 மில்லிகிராம்.

வாயால் கொடுக்கும் சொட்டு மருந்தும் சில நாடுகளில் உண்டு. அது தசையில் தங்காது. ஆகவே பல தடவை மறக்காமல் கொடுக்க வேண்டும். பித்தக்குழாய் அடைபட்ட பிள்ளைக்கு வாயால் கொடுப்பது சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை. நெதர்லாந்தில் தினமும் சொட்டு மருந்து கொடுத்தபோதும் இத்தகைய பிள்ளைகளுக்குக் குருதி கசிந்தது. மிகவும் தேவைப்படும் பிள்ளையையே சொட்டு மருந்து கைவிட்டுவிடலாம் என்பதால்தான் ஊசிக்கு முதலிடம்.

கூடக் கொடுத்தால் இன்னும் நல்லது என்பதும் சரியல்ல. 1950களில், நீரில் கரையும் வேறொரு செயற்கை வகையை இன்றைய அளவைவிடப் பல மடங்கு அதிகமாகக் கொடுத்தார்கள். குறைமாதப் பிள்ளைகளில் செங்குருதிக் கலங்கள் சிதைந்து, மஞ்சள் கடுமையாகி, மூளையும் பாதிக்கப்பட்டது. அதன்பின் அந்த வகை கைவிடப்பட்டது. இன்று கொடுக்கப்படுவது கீரையில் இருக்கும் அதே வகை. அதிலும்கூட மிகச் சிறிய பிள்ளையின் ஈரலால் 1 மில்லிகிராமை எளிதில் கையாள முடியாது. அதனால் 1500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்து, கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மில்லிகிராம் வரை கணக்கிடுவார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிள்ளையின் நிறை 1200 கிராம். கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்றால் கொடுக்க வேண்டியது 0.48 மில்லிகிராம். மருந்துக்குப்பிகள் எல்லாம் ஒரே செறிவில் வருவதில்லை. ஒரு வகையில் அரை மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம் இருக்கும். அதிலிருந்து 0.24 மில்லிலீற்றர் எடுக்க வேண்டும். சிறிய சிறிஞ்சில் அது 24 கோடுகள், சரியாக அளக்கலாம். இன்னொரு வகையில் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இருக்கும். அதிலிருந்து எடுக்க வேண்டியது 0.048 மில்லிலீற்றர், ஐந்து கோடு கூட இல்லை. ஒரு கோடு தவறினாலே அளவில் ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடும். செறிவைப் பார்க்காமல், அரை மில்லிலீற்றர் என்றால் 1 மில்லிகிராம் என்ற பழக்கத்தில் இந்தக் குப்பியிலிருந்து எடுத்தால், பிள்ளைக்குப் போவது 5 மில்லிகிராம். அதனால்தான் மருந்தின் பெயரையும் செறிவையும் இருவர் வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்கிறோம். பிரசவ அறையில் தாய்க்குப் போடும், கருப்பையைச் சுருங்க வைக்கும் ஊசி மருந்தும் இருக்கும். அது தவறிப் பிள்ளைக்குப் போடப்பட்டு, மூச்சுத் தடையும் வலிப்பும் ஏற்பட்ட சம்பவங்கள் உலகின் பல இடங்களில் பதிவாகியுள்ளன. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

எங்கள் பகுதித் தாய்மார் சிலருக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. ஷெல் துண்டு தலையில் பட்டு, அதன்பின் வலிப்பு வந்து, இன்றும் மருந்து எடுப்பவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். பெனிற்றோயின், பெனோபாபிற்றோன், கார்பமசெபின் போன்ற வலிப்பு மருந்துகளும், காசநோய்க்கான ரிபாம்பிசினும், இதய நோயாளர் எடுக்கும் வார்பரினும் வயிற்றுப் பிள்ளையின் விற்றமின் கேயின் வேலையைக் குலைக்கக்கூடியவை. இந்தத் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பிறந்த 24 மணித்தியாலத்துக்குள்ளேயே குருதி கசியலாம். மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது, வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. முதல் கிளினிக்கிலேயே மருந்தின் பெயரைக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள். பிரசவ அறைக்குப் போகும்போதும் மருந்து அட்டையைக் காட்டுங்கள். அப்படியான பிள்ளைக்கு ஊசி தாமதமின்றிப் போடப்பட வேண்டும், முதல் நாள் கூடுதலாகக் கவனிக்கப்படவும் வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு பார்க்க வேண்டியவை சில. தொப்புளிலிருந்து நிற்காமல் குருதி கசிதல், மூக்கிலோ வாயிலோ குருதி, அடிபடாமல் வரும் கண்டல், கறுத்த மலம். இவை சிறிதாக இருந்தாலும் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது. மூளைக்குள் பெரிதாகக் கசியுமுன் பல பிள்ளைகளில் இத்தகைய சிறு கசிவே முதலில் வந்திருக்கிறது. பிள்ளை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ, வெளிறினாலோ, உச்சிக்குழி வீங்கினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் போகாமல் மலம் வெளிறிய நிறத்தில் போனால், ஊசி போட்ட பிள்ளையாக இருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். அது பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம்.

வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டும்போது, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் விற்றமின் கே போட்டது எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வழியிலோ வீட்டிலோ பிறந்ததால் ஊசி தவறியிருந்தால், நாட்கள் போய்விட்டன என்று விட்டுவிடாதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அந்த ஆபத்து மாதக்கணக்கில் இருக்கிறது. பதிவேட்டுடன் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், ஊசி போடப்படவில்லை என்று சொன்னால், அன்றைக்கே அதைப் பற்றி முடிவெடுப்பார்கள்.